பழுது எந்த இயந்திரத்தில்? நோய் யாருக்கு?

ஓர் ஆலையின் போல்ட்டுகளில் 60 சதவீதத்தை முதல் இயந்திரம் செய்கிறது. அவற்றில் 2 சதவீதம் பழுது. மீதி 40 சதவீதத்தைச் செய்யும் இரண்டாம் இயந்திரத்தில் பழுது 4 சதவீதம். கையில் எடுத்த போல்ட் பழுதாக இருக்கிறது. அது இரண்டாம் இயந்திரத்திலிருந்து வந்திருக்க நிகழ்தகவு என்ன?

மேல்நிலை வகுப்புத் தேர்வுகளில் அடிக்கடி வரும் கணக்கு இது. பல மாணவர்கள் 0.04 என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டாம் இயந்திரத்தின் போல்ட் என்று தெரிந்தபின் அது பழுதாக இருக்கும் வாய்ப்புதான் 0.04. கேள்வியோ பழுது என்று தெரிந்தபின் இயந்திரத்தைக் கேட்கிறது.

மர வரைபடம் போட்டால் இந்தக் குழப்பம் வராது. முதல் கிளைகளில் இயந்திரங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பழுது, நல்லது என இரண்டு கிளைகள். வழிநெடுகப் பெருக்கினால், முதல் இயந்திரத்தின் பழுது 0.6 × 0.02 = 0.012, இரண்டாவதன் பழுது 0.4 × 0.04 = 0.016. போல்ட் பழுது என்பது உறுதியாகிவிட்டதால் நல்ல போல்ட்டுகளின் கிளைகளை அடித்துவிடலாம். மிஞ்சுவது 0.028. அதில் இரண்டாம் இயந்திரத்தின் பங்கு 0.016 / 0.028, அதாவது 4/7. பேயீஸ் தேற்றம் சூத்திரமாகச் சொல்வதும் இதைத்தான்.

மருத்துவப் பரிசோதனைக் கணக்கும் இதே மரம்தான். மக்களில் 1 சதவீதத்தினருக்கு ஒரு நோய். நோயாளிகளில் 95 சதவீதத்தினருக்குப் பரிசோதனை பாசிட்டிவ் காட்டும். நோயில்லாதவர்களிலும் 4 சதவீதத்தினருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு?

தசமப் புள்ளிகளை விட்டு ஆட்களாக எண்ணுவோம். 10,000 பேரில் 100 பேர் நோயாளிகள். அவர்களில் 95 பேருக்குப் பாசிட்டிவ். மீதி 9,900 பேரில் 4 சதவீதம் 396 பேர். ஆக, பாசிட்டிவ் வந்தவர்கள் 491. உண்மையில் நோய் உள்ளவர்கள் 95. விடை 95/491, ஏறக்குறைய 19 சதவீதம். நோயில்லாத கூட்டம் மிகப் பெரியது என்பதால், அதில் சிறு பிழையும் நோயாளிகளின் எண்ணிக்கையை விஞ்சிவிடுகிறது.

ஆனால் அந்த 1 சதவீதம் பொதுமக்கள் எல்லோரையும் சேர்த்த கணக்கு. அறிகுறிகளோடு வருபவர்களில் 30 சதவீதத்தினருக்கு நோய் உண்டு என்று வைத்துக்கொண்டால், அதே பரிசோதனையில் விடை 0.285 / 0.313, சுமார் 91 சதவீதம். மாறியது முதல் கிளை மட்டுமே.

தேர்வில் இரண்டு சரிபார்ப்புகள் போதும். ஒரு முனையிலிருந்து பிரியும் கிளைகளின் கூட்டுத்தொகை 1 ஆக வேண்டும். எல்லா நுனிகளையும் கூட்டினாலும் 1 வர வேண்டும். பெருக்கிவந்த எண்ணோடு நிறுத்திவிடாமல், மிஞ்சிய கிளைகளின் கூட்டுத்தொகையால் வகுத்த பிறகே விடையை எழுதுங்கள்.