மிஞ்சிய குழம்பை எத்தனை முறை சூடாக்கலாம்?

ஞாயிற்றுக்கிழமை வைத்த கோழிக் குழம்பு திங்கட்கிழமை காலை இட்லிக்கும் ஆக வேண்டும் என்பது வெள்ளகோவில் வட்டார வீடுகளில் எழுதாத சட்டம். இரவு படுக்கும் முன் குழம்புப் போசியை அடுப்பில் ஏற்றி ஒரு கொதி வைத்து, மூடி அப்படியே விட்டுவிட்டால் காலை வரை கெடாது என்று நம்புகிறோம். காலையில் மீண்டும் ஒரு கொதி, மதியம் இன்னொன்று. நோயாளிக்குச் சாப்பாடு கொண்டு வரும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பதும் இதுதான்: "கொதிக்க வெச்சுட்டா எல்லாக் கிருமியும் செத்துப் போயிராதுங்களா?"

எல்லாம் சாவதில்லை. இறைச்சியில் வழக்கமாகக் காணப்படும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமி, கடினமான உறைக்குள் விதையைப் போல ஒடுங்கிக்கொள்ளும் திறமை உடையது. அந்த விதை கொதியைத் தாங்கிவிடும். குழம்பு ஆறி 50 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது அது முளைத்துப் பெருகத் தொடங்குகிறது. 43 முதல் 47 பாகை வரையிலான வெதுவெதுப்பே அதற்கு மிகவும் உகந்தது. அந்தச் சூட்டில் ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. அதே வேகத்தில் போனால் ஒரே கிருமி 3 மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். பெரிய போசியில் மூடி வைத்த கெட்டிக் குழம்பு அந்த வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்கில் நின்றுவிடுகிறது. மணமோ சுவையோ மாறாததால் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் இயலாது.

இங்கிலாந்தில் பெட்டி ஹாப்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1953-இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. அங்கே பலரை வயிற்றுப்போக்கில் தள்ளிய உணவு, பெரும்பாலும் முதல் நாள் சமைத்து, மெல்ல ஆறவிட்டு, மறுநாள் சூடாக்கிப் பரிமாறிய இறைச்சியே.

ஆகவே சூடாக்குவதைவிட ஆற வைப்பதில்தான் முதல் கவனம் வேண்டும். ஒரு மணிக்கு இறக்கிய இரண்டு லிட்டர் குழம்பை எடுத்துக்கொள்வோம். சாப்பிட்டது போக மிஞ்சியதை, ஒவ்வொரு வேளைக்கும் எவ்வளவு தேவையோ அந்த அளவில், ஆழமில்லாத சிறு கிண்ணங்களில் பிரித்து ஊற்ற வேண்டும். கிண்ணங்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் விரைவில் ஆறும். மூன்று மணிக்குள் அவை குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கலாகாது. பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்கே தீர்ந்துவிடும் அளவு சமைப்பதே வழி.

திங்கட்கிழமை காலையில் ஒரு கிண்ணத்தை மட்டும் எடுத்து அடுப்பில் வையுங்கள். அதன் நடுப்பகுதியும் 74 பாகை செல்சியஸை எட்ட வேண்டும். தேங்காய் அரைத்து விட்ட கெட்டிக் குழம்பில் ஓரம் கொப்பளிக்கும்போதே நடு வெதுவெதுப்பாக இருக்கும், அடியும் பிடிக்கும். அரை டம்ளர் வெந்நீர் விட்டு, மிதமான தீயில் அடிவரை கிளறுங்கள். கிளறிய பின்னும் மேற்பரப்பு முழுவதும் தளதளவெனக் கொதிக்க வேண்டும். அந்தக் கொதி இரண்டு மூன்று நிமிடம் நிற்கட்டும். பெரிய துண்டு ஒன்றைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளிருந்தும் ஆவி வர வேண்டும்.

இப்படி ஒருமுறை சூடாக்கியதை அப்போதே உண்டு முடிக்க வேண்டும், மீந்தால் கொட்டிவிடுங்கள். மனம் வராது என்பது தெரியும். ஆனால் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் குழம்பு அந்த ஆபத்தான வெதுவெதுப்பை இன்னொரு முறை கடக்கிறது. பிரித்து வைத்த கிண்ணங்களோ ஒவ்வொன்றும் ஒரே முறைதான் அடுப்பேறும். இரவெல்லாம் வெளியே மறந்துவிட்ட குழம்பைக் கொதிக்க வைத்து மீட்க முயல வேண்டாம். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு கொதியிலும் அழியாது.

இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு லிட்டர் குழம்பு சுண்டி 600 மில்லி ஆனாலும் அதிலுள்ள உப்பு குறைவதில்லை. ஒரு கரண்டியில் சேரும் உப்புதான் கூடுகிறது.

மருத்துவமனைக்குக் கொண்டு வருவதாயின், சூடு காக்கும் பாத்திரத்தில் முதலில் கொதிநீர் ஊற்றிச் சில நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கும் குழம்பை நிரப்புங்கள். சாதாரணத் தூக்குப்போசியில் வந்த குழம்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்து இரவுக்கு எடுத்துக்கொடுக்க வேண்டாம், வந்ததும் உண்ணட்டும். புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டோர் ஆகியோருக்கு மீந்த குழம்பையே தவிர்த்துப் புதிதாகச் சமைத்ததைக் கொடுங்கள்.

உண்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசைந்து, நீர்போலப் போனால் இக்கிருமியையும் ஐயுறலாம். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், பாதிக்கப்பட்டவர் முதியவரோ குழந்தையோ ஆனாலும், காத்திராமல் அழைத்து வாருங்கள். என்ன உண்டார், எப்போது சமைத்தது, எத்தனை முறை சூடாக்கியது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.