போனில் பளிச், பேப்பரில் மங்கல்

திண்டுக்கல்லில் சின்ன பேக்கரி நடத்துபவர், தீபாவளி இனிப்புப் பெட்டிக்குப் போனிலேயே விளம்பரம் செய்தார். பிக்செல்லேப் என்ற இலவச செயலியில் தங்க நிறத்தில் முப்பரிமாண எழுத்து, பின்னால் நிழல். அரை மணி நேர வேலை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அழகாகத்தான் இருந்தது.

அதையே ஏ3 தாளில் அச்சடித்தபோது எழுத்தின் ஓரங்கள் படிக்கட்டு போலத் தெரிந்தன.

காரணம் எளிது. அவர் சேமித்த படத்தின் அகலம் 1080 பிக்சல். கிட்டத்தில் நின்று பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். ஏ3 தாளின் அகலம் சுமார் 11.7 அங்குலம் என்பதால் 3,500 பிக்சல் தேவை. அவரிடம் இருந்தது அங்குலத்துக்கு 92தான்.

அடுத்து, கணினியில் இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பை முயன்றார். இது எழுத்தைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாக வைத்திருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது. ஆனால் உள்ளே வைக்கும் மைசூர்பாகு புகைப்படத்துக்கு இந்தச் சலுகை இல்லை. அது பெரிய அளவிலேயே இருக்க வேண்டும். பழகச் சில நாட்கள் பிடித்தன. அச்சகத்தில் அதே தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்து மாறிவிடும் என்பதால், கொடுக்கும் முன் Path மெனுவில் Object to Path கட்டளையால் எழுத்தை வடிவமாக மாற்றிக்கொண்டார்.

இப்போது அன்றாடச் சலுகைகளுக்குப் போன், சுவரில் ஒட்டும் போஸ்டருக்குக் கணினி. போனிலிருந்து அச்சகத்துக்கு அனுப்ப நேர்ந்தால், வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடாதபடி டாக்குமென்டாகவே அனுப்புகிறார்.