‘அது’ எது? எழுதியதைத் திருத்தும்போது கேட்கவேண்டிய கேள்வி

குடியிருப்பாளர் குழுவின் மலருக்கோ கோயில் விழா மலருக்கோ நம் வட்டாரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதித் தரும்படி கேட்டால், பலர் இப்படித்தான் எழுதுவார்கள்:

“1842ல் குதிரைப் பந்தய மன்றம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு ஃபேரர் பார்க் திடலில் அது முதல் பந்தயத்தை நடத்தியது. 1911ல் அங்கிருந்து சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்தது. 1933ல் அது புக்கிட் தீமாவுக்கு மாறியது. அதன் பிறகு இது விளையாட்டுத் திடலானது. 1942ல் இங்கு இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இது இந்திய தேசிய ராணுவம் உருவாக வழிவகுத்தது.”

எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஆண்டுகளும் சரி. ஆனால், 1933ல் புக்கிட் தீமாவுக்கு மாறியது எது? வரிசைப்படி படித்தால் விமானம்தான் மாறியிருக்க வேண்டும். எழுதியவர் மனத்தில் இருந்தது மன்றம். மன்றத்துக்கும் ‘அது’வுக்கும் இடையில் திடல், பந்தயம், விமானம் என்று மூன்று அஃறிணைப் பெயர்கள் வந்துவிட்டன. ‘மாறியது’ என்ற வினைமுற்று நான்கில் எதற்கும் பொருந்தும். எழுதியவருக்குக் கதை முன்பே தெரியும் என்பதால், அவர் கண்ணுக்கு இந்தக் குழப்பம் தெரிவதில்லை.

இதைக் கண்டுபிடிக்கும் வழி தமிழிலேயே இருக்கிறது. அ, இ சுட்டெழுத்துகள். எ வினா எழுத்து என்று தொடக்கப்பள்ளியில் படித்திருப்போம். எழுதி முடித்த பத்தியில் ஒவ்வொரு சுட்டுச் சொல்லின் முதல் எழுத்தையும் ‘எ’ ஆக மாற்றிப் படியுங்கள். அது என்றால் எது? அதன் பிறகு என்றால் எதன் பிறகு? இதனால் என்றால் எதனால்? அங்கிருந்து என்றால் எங்கிருந்து? விடையை உங்கள் நினைவிலிருந்து சொல்லக்கூடாது. தாளில் முன்னால் உள்ள வாக்கியங்களிலிருந்து மட்டுமே எடுக்கவேண்டும். பென்சிலால் சுட்டைச் சுற்றி வட்டமிட்டு, விடையாக வரும் சொல்லுக்கு ஒரு கோடு இழுத்தால் இன்னும் எளிது. கணினியில் எழுதுபவர்கள் ‘அது’, ‘இது’, ‘அதன்’, ‘இதனால்’ என ஒவ்வொன்றாகத் தேடலாம்.

கோடு இழுக்கும்போது மூன்றில் ஒன்று நடக்கும். ஒரே ஒரு பெயரில் போய் நின்றால் சுட்டை அப்படியே விட்டுவிடலாம். ‘அது முதல் பந்தயத்தை நடத்தியது’ என்பதில் நடத்தக்கூடியது மன்றம் மட்டுமே. திடல் பந்தயம் நடத்தாது. இரண்டு பெயர்களில் போய் நின்றால் பெயரையே எழுதவேண்டும். மூன்றாவது வகைதான் வேடிக்கையானது. கோடு எந்தப் பெயரிலும் நிற்காது, ஒரு வாக்கியம் முழுவதையும் சுற்றி வரும். ‘இது இந்திய தேசிய ராணுவம் உருவாக வழிவகுத்தது’ என்பது அந்த வகை. எது வழிவகுத்தது என்று கேட்டால் ஒரு பெயர்ச்சொல் கிடைக்காது. ‘ஒப்படைக்கப்பட்டனர்’ என்ற செயல்தான் கிடைக்கும். அந்தச் செயலுக்கு ஒரு பெயர் கொடுத்து, சுட்டைப் பெயருக்கு முன்னால் வைக்கலாம்: ‘இந்த ஒப்படைப்பு’. ‘இது குறித்து’, ‘இதன் மூலம்’, ‘இதையடுத்து’ என்று தொடங்கும் வாக்கியங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். செய்தி எழுதும் எங்களுக்கு இவை கைவந்த பழக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயரைப் போட முயலும்போது இன்னொன்றும் வெளிப்படும். 1843ல் முதல் பந்தயம் நடந்தபோது அந்தத் திடலுக்கு ஃபேரர் என்ற பெயரே கிடையாது. நகராட்சி ஆணையத்தின் தலைவராக 1919 முதல் 1931 வரை இருந்த ரோலண்ட் ஜான் ஃபேரரின் பெயர் அது. ‘அங்கு’, ‘இங்கு’ என்று எழுதும்வரை கண்ணில் படாத இந்தத் தவறு, இடத்தின் பெயரை எழுதப்போகும்போதுதான் தட்டுப்படுகிறது.

மனிதர்களைப் பற்றி எழுதும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. நாம் மரியாதைக்காக ‘அவர்’ என்கிறோம். அந்தச் சொல்லில் ஆணா பெண்ணா என்பது தெரியாது. 1942 பிப்ரவரி 17ஆம் தேதி இந்தத் திடலில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் தரப்பு இந்திய வீரர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தது. ஃபுஜிவாரா அவர்களைக் கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். அடுத்த வாக்கியமாக ‘பின்னர் அவர் அவர்களிடம் உரையாற்றினார்’ என்று எழுதினால், உரையாற்றியது யார்? அன்று ஃபுஜிவாராவும் பேசினார், மோகன் சிங்கும் பேசினார். ஆகவே, வரலாறு தெரிந்த வாசகரால்கூட ஊகிக்க முடியாது. ‘மோகன் சிங் வீரர்களிடம் உரையாற்றினார்’ என்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

பெயரை முதலில் சொல்லிவிட்டுத்தான் சுட்ட வேண்டும் என்பது நம் மொழியில் மிகப் பழைய விதி. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், இயற்பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வந்தால் சுட்டுப்பெயர் முந்தக்கூடாது என்கிறது. செய்யுளில் முந்தலாம் என்று விலக்கும் தருகிறது. ஆனால், அந்த விதி வரிசையைத்தான் சொல்கிறது. முன்னால் இரண்டு பெயர்கள் இருந்தால் எதைச் சுட்டுகிறோம் என்பதை எழுதுபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேடினாலும் அகப்படாத சுட்டு ஒன்று உண்டு. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதலாம். ‘மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு சத்துமாவைக் கரைத்துக் கொடுக்கவும். ஆறிய பிறகு மூடி வைக்கவும்’ என்று வயதான தாயாரைக் கவனிப்பவருக்குக் குறிப்பு எழுதுகிறோம். எதை மூடி வைப்பது? கரைத்ததில் மிச்சத்தையா, மாவு டப்பாவையா? ‘அதை’ என்ற சொல்கூட அங்கே இல்லை, வட்டமிட வழியில்லை. அதனால் வினைச்சொற்களையும் நிறுத்திக் கேட்கவேண்டும்: ஆறியது எது, மூடவேண்டியது எதை?

இப்போது முதல் பத்தியைத் திருத்திப் பார்ப்போம்:

“1842ல் குதிரைப் பந்தய மன்றம் தொடங்கப்பட்டது. இன்று ஃபேரர் பார்க் எனப்படும் இடத்திலிருந்த திடலில் அது மறு ஆண்டு முதல் பந்தயத்தை நடத்தியது. 1911ல் அந்தத் திடலிலிருந்து சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்தது. 1933ல் மன்றம் புக்கிட் தீமாவுக்கு மாறியது. மன்றம் போன பிறகு பழைய பந்தயத் திடல் விளையாட்டுத் திடலானது. 1942 பிப்ரவரி 17ஆம் தேதி அதே திடலில் இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்த ஒப்படைப்பு, இந்திய தேசிய ராணுவம் உருவாக வழிவகுத்தது.”

பத்தி கொஞ்சம் நீண்டுவிட்டது. ‘திடல்’ ஐந்து முறை வருகிறது. சொன்ன சொல்லையே சொல்லாதே என்று பள்ளியில் கட்டுரை எழுதியபோது கற்றது இங்கே உறுத்தும். அதற்காக ஓரிடத்தில் திடல், அடுத்து மைதானம், அதற்கடுத்து வெளி என்று மாற்றினால், மூன்று இடங்கள் இருந்ததாகப் படிப்பவர் நினைப்பார். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டு, குழப்பம் வராத முதல் ‘அது’வை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

பெயரையும் பாதியில் நிறுத்தக்கூடாது. ‘ஃபேரர் எம்ஆர்டியில் இறங்கவும்’ என்று அழைப்பிதழில் போட்டால், வடகிழக்குப் பாதையில் உள்ள ஃபேரர் பார்க் நிலையத்துக்கு வரவேண்டிய விருந்தினர், வட்டப் பாதையில் உள்ள ஃபேரர் ரோடு நிலையத்தில் இறங்கி நிற்பார்.