இன்னும் ரோமில்தான் இருக்கிறாரா?

‘வீவோ ஆ ரோமா தா த்ரே ஆன்னி’ என்று ஓர் இத்தாலியர் சொன்னால், அவர் மூன்று வருடமாக ரோமில் வசிக்கிறார் என்று பொருள். ‘வீவோ’ நிகழ்கால வினை. ஆங்கிலத்தில் எழுதும்போது அதை நிகழ்காலமாகவே வைத்து ‘ஐ லிவ்’ என்றால் பிழை. ‘ஐ ஹேவ் லிவ்டு இன் ரோம் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றே எழுத வேண்டும்.

‘தா’ தொடக்கத்தை மட்டுமே காட்டும். செயல் இன்னும் முடியவில்லை என்பதை நிகழ்கால வினை சொல்லிவிடும். ஆங்கிலம் இங்கே இரண்டாகப் பிரிகிறது. பின்னால் வருவது கால அளவு என்றால் ‘ஃபார்’, தொடங்கிய நேரம் என்றால் ‘சின்ஸ்’. ‘தல் 2019’ என்பதில் ஆண்டுக்கு முன் ‘இல்’ சேர்ந்து ‘தா’, ‘தல்’ ஆகிறது. அது ‘சின்ஸ் 2019’.

அதிகம் பேர் தடுமாறுவது ‘ஃபார்’ கண்டதும் ‘பெர்’ போடுவதில்தான். ‘ஓ விஸ்ஸூத்தோ ஆ ரோமா பெர் த்ரே ஆன்னி’ என்றால் ரோம் வாழ்க்கை முடிந்துவிட்டது. இப்போது அவர் வேறு ஊரில் இருக்கலாம். ஆங்கில வாக்கியத்தில் ‘ஹேவ்’ இருக்கிறதா, வெறும் ‘லிவ்டு’ மட்டுமா என்று முதலில் பாருங்கள். வெறும் ‘லிவ்டு’ என்றால் ‘பெர்’ பொருந்தும்.

தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ‘மூன்று வருடமாக வசிக்கிறேன்’ என்று நாமும் நிகழ்காலத்தில்தான் சொல்கிறோம். முடிந்துபோனதை ‘மூன்று வருடம் வசித்தேன்’ என்கிறோம். ஆங்கிலம் வழியாகச் சுற்றாமல் தமிழிலிருந்து நேராகப் போனால் வினையின் காலம் பெரும்பாலும் தானே சரியாக அமையும்.

கடந்த கால நிகழ்வுக்கும் இதே முறைதான். ‘விவேவோ ஆ ரோமா தா த்ரே ஆன்னி’ என்றால், அந்த நேரத்தில் மூன்று வருடமாக வசித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் ‘ஹேட் பீன் லிவிங்’.