வங்கிக் கணக்கு மாறியதால் நின்றுபோன டிவிடெண்டைக் கேட்டுப் பெறுவது எப்படி?

பங்கு வாங்கியபோது ஒரு வங்கியில் கணக்கு இருந்திருக்கும். பிறகு வேலை மாற்றத்தாலோ வீடு மாறியதாலோ அதை மூடிவிட்டு வேறு வங்கிக்குப் போயிருப்போம். புதிய கணக்கு எண்ணை எரிவாயு ஏஜென்சிக்குச் சொல்லியிருப்போம், பென்ஷன் அலுவலகத்துக்கும் சொல்லியிருப்போம். பங்குக் கணக்கு மட்டும் நினைவுக்கு வந்திருக்காது. கம்பெனி ஆண்டுதோறும் அனுப்பும் டிவிடெண்ட் மூடிய கணக்கின் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போகும். சிலருக்கு கணக்கை மூடியதுகூட இல்லை. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தபின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் காலாவதியாகிவிட்டன.

டிவிடெண்ட் என்றாலே வட்டி என்று எண்ணி அதை அப்படியே விட்டுவைத்திருக்கும் பெரியவர்களும் நம்மில் உண்டு. அது கம்பெனியின் இலாபத்தில் உரிமையாளருக்கு வரும் பங்கு. கடன் கொடுத்ததற்கு வாங்கும் வட்டி அல்ல. அந்தக் கம்பெனியின் தொழில் ஆகுமானதா என்பது தனிக் கேள்வி, அதற்குள் இங்கே போகவில்லை.

திரும்பிவந்த பணம் எங்கே போகிறது? இந்தியக் கம்பெனிச் சட்டம் 2013-இன் 124-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. டிவிடெண்ட் அறிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்க முடியாமல் நின்ற தொகையை அடுத்த 7 நாட்களுக்குள் ‘வழங்கப்படாத டிவிடெண்ட் கணக்கு’ என்ற தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். அங்கே 7 ஆண்டுகள் உங்கள் பெயரில் காத்திருக்கும். அதன்பின் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து 7 ஆண்டுகள் எந்த டிவிடெண்டும் பெறப்படாவிட்டால் பங்குகளே அந்த நிதிக்கு மாற்றப்படும். இடையில் ஓர் ஆண்டின் டிவிடெண்டைப் பெற்றிருந்தாலும் பங்குகள் தப்பிவிடும். தொகை சிறியது என்று அலட்சியம் செய்யக் கூடாததற்குக் காரணம் இதுதான்.

ஒரு சகோதரியின் கணக்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அவரிடம் ஒரு கம்பெனியின் 150 பங்குகள் டீமேட் கணக்கில் இருக்கின்றன. 2021 மார்ச்சில் பழைய வங்கிக் கணக்கை மூடிவிட்டார். அந்தக் கம்பெனி ஒரு பங்குக்கு 2021-இல் 6 ரூபாய், 2022-இலும் 2023-இலும் 8 ரூபாய், 2024-இல் 10 ரூபாய் அறிவித்தது. அவருக்குச் சேர வேண்டியது 900, 1,200, 1,200, 1,500. மொத்தம் 4,800 ரூபாய். முதல் டிவிடெண்ட் 2021 ஆகஸ்ட் 20 அன்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அறிவிக்கப்பட்டிருந்தால், செப்டம்பர் 26-க்குள் அது தனிக் கணக்குக்குப் போயிருக்கும். அங்கிருந்து 7 ஆண்டு என்றால் 2028 செப்டம்பர் கடைசி வரைதான் அந்த 900 ரூபாயைக் கம்பெனியிடம் கேட்க முடியும். 2022-இன் தொகைக்கு இன்னும் ஓராண்டு கூடுதல். ஒவ்வோர் ஆண்டின் டிவிடெண்டுக்கும் தனித்தனிக் கெடு.

இனி அந்தச் சகோதரி என்ன செய்ய வேண்டும்? பலரும் முதலில் ரெஜிஸ்ட்ராருக்கு, அதாவது கம்பெனிக்காகப் பங்குப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு, ‘என் புதிய கணக்கு எண் இது, பணத்தை அனுப்புங்கள்’ என்று எழுதுகிறார்கள். பங்கு டீமேட்டில் இருந்தால் அந்தக் கடிதம் பயன் தராது. டிவிடெண்டுக்கான பதிவு நாளில் பங்குதாரர் பட்டியலும் வங்கி விவரமும் என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற இரண்டு டெபாசிட்டரிகளிடமிருந்து ரெஜிஸ்ட்ராருக்கு வருகின்றன. அதை அவர் தாமாகத் திருத்த முடியாது. எனவே முதலில் போக வேண்டிய இடம் டீமேட் கணக்கு திறந்த வங்கி அல்லது புரோக்கர்.

அங்கே வங்கி விவரத்தை மாற்றச் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். புரோக்கர் செயலியில் இரண்டு மூன்று வங்கிக் கணக்குகளைச் சேர்க்கலாம். ஆனால் டிவிடெண்ட் முதன்மைக் கணக்குக்குத்தான் வரும். புதிய கணக்கைச் சேர்த்துவிட்டுப் பழையதையே முதன்மையாக விட்டால் நிலைமை மாறாது. மாற்றம் முடிந்ததும் ‘கிளையண்ட் மாஸ்டர் லிஸ்ட்’ என்ற ஒரு பக்கத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் புதிய கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். இனி வரும் டிவிடெண்ட் இதனாலேயே சரியாகிவிடும். பழைய பாக்கிக்குத்தான் ரெஜிஸ்ட்ராரிடம் போக வேண்டும்.

ரெஜிஸ்ட்ராரின் பெயரும் மின்னஞ்சலும் கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் இணையதளத்தின் முதலீட்டாளர் பகுதியிலும் இருக்கும். வழங்கப்படாத டிவிடெண்ட் பட்டியலும் அதே பகுதியில் பெயரோடு இருக்கும். ஐந்து கம்பெனிப் பங்கு இருந்தால் ஐந்துக்கும் ஒரே ரெஜிஸ்ட்ரார் இருக்க வேண்டும் என்பதில்லை, கம்பெனிவாரியாகத் தனித்தனியே எழுதுங்கள்.

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினால் வேலை எளிதாகும். கம்பெனியின் பெயர், 16 இலக்க டீமேட் எண், பங்கு எண்ணிக்கை, எந்தெந்த ஆண்டின் டிவிடெண்ட் வரவில்லை, பழைய கணக்கு எப்போது மூடப்பட்டது, டீமேட்டில் புதிய கணக்கு பதிவாகிவிட்டது ஆகியவற்றைச் சொல்லி, பாக்கி முழுவதையும் அதில் செலுத்தும்படி கேட்டால் போதும். கிளையண்ட் மாஸ்டர் லிஸ்ட், பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை, கையெழுத்திட்ட பான் அட்டை நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். காசோலையில் பெயர் அச்சாகியிருக்காவிட்டால், வங்கி முத்திரையிட்ட பாஸ்புக் முதல் பக்க நகலை வையுங்கள். தபாலில் வந்து மாற்றாமல் போன பழைய டிவிடெண்ட் வாரண்ட் வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

நம் வீடுகளில் இந்த விண்ணப்பம் அதிகம் தடைபடும் இடம் பெயர். பான் அட்டையில் முஹம்மது என்று முழுதாக இருக்கும், வங்கியில் ‘எம்.டி.’ என்று சுருங்கியிருக்கும். ஒன்றில் இரண்டு ‘எம்’, மற்றதில் ஒன்று. தந்தை பெயர் ஒன்றில் இனிஷியல், மற்றதில் பின்பெயர். கணக்கு எண் சரியாக இருந்தும் விண்ணப்பம் திரும்பினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். புதிய கணக்கு திறக்கும்போதே பான் அட்டையில் உள்ளபடி பெயரைக் கொடுத்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

பங்குகள் இன்னும் காகிதச் சான்றிதழாக இருந்தால் வழி வேறு. அப்போது வங்கி விவரத்தை ரெஜிஸ்ட்ராரே பதிவு செய்வார். அதற்கு ஐ.எஸ்.ஆர்.-1 படிவம். கையெழுத்து பழைய பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் வங்கி மேலாளர் உறுதிசெய்யும் ஐ.எஸ்.ஆர்.-2 படிவமும் வேண்டும். பங்கை இதற்குள் விற்றுவிட்டவர்களும் கைவிட வேண்டாம். பதிவு நாளில் யார் பெயரில் பங்கு இருந்ததோ அவருக்கே அந்த டிவிடெண்ட்.

இதற்கு ரெஜிஸ்ட்ராருக்குக் கட்டணம் எதுவும் இல்லை, கமிஷன் கேட்டு வரும் ஏஜெண்டும் தேவையில்லை. பதில் வராவிட்டால் கம்பெனிச் செயலாளருக்கு எழுதுங்கள். அங்கும் அசைவில்லை என்றால் செபியின் scores.sebi.gov.in தளத்தில் முறையிடலாம். எடுத்த நடவடிக்கையைக் கம்பெனி 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். கெடு முடிந்து அரசு நிதிக்குப் போய்விட்ட டிவிடெண்டையும் பங்குகளையும் ஐ.இ.பி.எஃப்.-5 என்ற இணையப் படிவம் மூலம் திரும்பக் கோரலாம். அது இதைவிட நீண்ட வேலை, ஆவணங்களும் அதிகம்.