அணைந்த தீக்குச்சியும் கரையாத காட்சியும்

1962-இல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தில், எரியும் தீக்குச்சியை லாரன்ஸ் ஊதி அணைக்கிறான். அடுத்த கணம் திரை முழுக்கப் பாலைவனம், சிவந்த விடியல் வானம். புகழ்பெற்ற இந்த நேர் வெட்டு, திரைக்கதையில் டிசால்வாகத்தான் இருந்தது. அதாவது ஒரு காட்சி மங்க மங்க, அடுத்தது அதன் மேலேயே தெளிந்து வர வேண்டும்.

அந்நாளில் டிசால்வை லேபில் செய்து வாங்க வேண்டும். அதுவரை எடிட்டிங் அறையில் இரண்டு ஃபிலிம் துண்டுகளையும் நேராக ஒட்டி, டிசால்வ் வரவேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்து வைப்பார்கள். அப்படி ஒட்டியதை ஓட்டிப் பார்த்தபோதுதான், இயக்குநர் டேவிட் லீனுக்கும் எடிட்டர் ஆன் கோட்ஸுக்கும் வெட்டே போதும் என்று பட்டது. பிறகு கோட்ஸ் இரண்டு ஃப்ரேம்களை மட்டும் குறைத்தார்.

கரைத்திருந்தால் சுடரும் வானமும் சற்று நேரம் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து, இடையில் நடந்த பயணத்தை நினைவூட்டியிருக்கும். லாரன்ஸின் மனமோ ஏற்கெனவே பாலைவனத்தில் இருக்கிறது. நேரம் நழுவுவதை உணர்த்துவதுதான் டிசால்வின் வேலை. இங்கே நழுவ நேரமே இல்லை.

இன்று டிசால்வ் போட ஒரு நொடி போதும். அதனால் பிழையை மூடவும் அதைப் போடுகிறார்கள். பேட்டியில் ஒருவர் திக்கிய வாக்கியத்தை நீக்கினால் அவர் தலை சட்டென இடம் மாறித் தெரியும். அங்கே 12 ஃப்ரேம் டிசால்வ் போட்டால் அரை நொடிக்கு ஒரே முகத்தில் நான்கு கண்கள் மிதக்கும். வெட்டு மறையாது, கூடுதலாகக் கண்ணில் படும். அவர் கைகளையோ, கேட்பவரின் முகத்தையோ அந்த இடத்தில் வைப்பதே சரி.

வைப், பழைய காட்சியை ஒரு கோட்டால் திரையிலிருந்து தள்ளிவிடும். தன்னை மறைத்துக்கொள்ளத் தெரியாத உத்தி இது. குரோசவாவின் 'இகிரு' படத்தில் மனு கொண்டுவந்த பெண்களை ஒவ்வொரு அலுவலரும் அடுத்த மேசைக்கு அனுப்ப, வைப் ஒவ்வொன்றாக வந்து அவர்களைத் தள்ளுகிறது. அலுவலகம் செய்வதையே திரையும் செய்வதால் அது பொருந்துகிறது. அமைதியான உரையாடலுக்கு நடுவே வந்தால் கோடு மட்டுமே தெரியும்.

விப் பேனைப் படப்பிடிப்பிலேயே திட்டமிட வேண்டும். முதல் ஷாட்டின் முடிவில் கேமராவை விசையோடு வலப்பக்கம் திருப்பினால், அடுத்த ஷாட்டும் வலப்பக்கத் திருப்பத்தோடு வந்து நிற்க வேண்டும். இரண்டிலும் படம் முழுவதும் கோடுகளாக இழுபட்ட இடத்தில் வெட்டினால் ஒட்டு தெரியாது. திசை மாறினால் காட்சி மோதித் திரும்பியதுபோல் இருக்கும். 'சிட்டிசன் கேன்' (1941) படத்தின் காலைச் சாப்பாட்டு மேசையில், ஒவ்வொரு விப் பேனும் நிற்கும்போது கணவனும் மனைவியும் இன்னும் சற்று விலகியிருக்கிறார்கள். கடைசியில் பேச்சே இல்லை. அவள் கையில் கணவனின் பத்திரிகைக்குப் போட்டியான பத்திரிகை.