காதுச் சோணையைத் தூக்கும் வீக்கம்

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மறுநாள் காலையில் கன்னமும் உப்பியிருந்தால் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு கிளம்பும். அப்பா சொத்தைப் பல் என்பார். அம்மா நெறி கட்டியிருக்கிறது என்பார். பாட்டி ஒரு பார்வையிலேயே பொன்னுக்கு வீங்கி என்று சொல்லித் தங்கச் சங்கிலியைத் தேடப் போவார். இந்த மூன்றில் எது சரி என்று கண்டுபிடிக்க மருத்துவர் முதலில் செய்வது மிக எளிய காரியம். பிள்ளையின் முதுகுப் பக்கம் போய் நின்று, இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். தோடு குத்தும் அந்தச் சோணை ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறி, வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றால் பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது.

காரணம், வீங்குகிற சுரப்பி இருக்கும் இடம். நம் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் மிகப் பெரியது பரோட்டிட். காதுக்கு முன்னால் தொடங்கி, சோணைக்கு அடியில் இறங்கி, தாடை எலும்பின் பின்விளிம்புக்கும் காதுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் புதைந்து கிடக்கிறது. வாயை லேசாகத் திறந்து, சோணைக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள். அந்தப் பள்ளம் தட்டுப்படும். நலமாக இருக்கும்போது சுரப்பி மெத்தென்று இருப்பதால் கைக்கு எதுவும் தெரியாது. வைரஸ் புகுந்து அது வீங்கும்போது முதலில் இந்தப் பள்ளம் நிரம்புகிறது. உள்பக்கம் எலும்பு. பின்பக்கமும் எலும்பு. மேலே காதுத் துளையின் குருத்தெலும்பு. இளகிக் கொடுப்பது தோலும் சோணையும்தான். அதனால்தான் சோணை தூக்கிக்கொள்கிறது. சுரப்பியைச் சுற்றி இறுக்கமான உறை ஒன்று இருப்பதால், உள்ளே நீர் கோக்கும்போது விண் விண்ணென்று வலிக்கவும் செய்கிறது.

அடுத்து விரலுக்கு வேலை. தாடை எலும்பு கழுத்தருகே மடங்கி மேலே ஏறும் இடத்தில் ஒரு மூலை உண்டு. ஒல்லியான பிள்ளைகளிடம் அது பார்த்தாலே தெரியும். பொன்னுக்கு வீங்கியில் அந்த மூலை வீக்கத்துக்குள் அமிழ்ந்துவிடும். தடவினால் எலும்பின் விளிம்பு கிடைக்காது. நெறி கட்டியிருந்தால் கதை வேறு. நிணநீர் முடிச்சுகள் தாடைக்குக் கீழே கழுத்தில் இருப்பவை. அவை எவ்வளவு வீங்கினாலும் எலும்பின் மூலை விரலுக்கு அகப்படும், சோணையும் தன் இடத்திலேயே இருக்கும். நெறிக்கட்டி உருண்டையாக, ஓரம் தெளிவாக, விரலுக்கடியில் நகரும். பரோட்டிட் வீக்கமோ பிசைந்த மாவைத் தொடுவது போல இருக்கும்; எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல வராது. காதின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்ததாக வைத்துக்கொண்டால், வீக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பரவியிருப்பதையும் பார்க்கலாம்.

இனி நோய் நாளுக்கு நாள் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை சோர்ந்து படுக்கிறாள். தலைவலி, உடம்புவலி, 100 டிகிரியை ஒட்டிய காய்ச்சல், சாப்பாடு வேண்டாம் என்கிறாள். திங்களன்று தயிர்சாதத்தோடு ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்ததும் “காது வலிக்குதும்மா” என்று கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறாள். காதுக்குள் பார்த்தால் செவிப்பறை சுத்தமாக இருக்கிறது. இந்த வலி நல்ல துப்பு. புளிப்பு பட்டதும் உமிழ்நீர் பெருகும். வெளியே வர வேண்டிய குழாயின் உள்தோல் வீங்கி அடைத்திருப்பதால் அது உள்ளேயே அழுத்துகிறது. செவ்வாயன்று வலது சோணைக்குக் கீழே வீக்கம் தெரிகிறது. புதனன்று இடது பக்கமும் கிளம்புகிறது. இரு பக்கமும் சேர்ந்து வீங்குவதுதான் வழக்கம் என்றாலும், ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். அதை வைத்து மட்டும் இந்த நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. வெள்ளி, சனிக்குள் காய்ச்சல் இறங்குகிறது. அடுத்த புதன், வியாழனுக்குள் முகம் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. கழுத்தில் சங்கிலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே ஒன்றரை வாரம்தான்.

தொற்றின் மூலத்தைத் தேட வேண்டுமானால் செவ்வாயிலிருந்து 16 முதல் 18 நாள் பின்னோக்கி எண்ண வேண்டும். வைரஸ் உடம்புக்குள் புகுந்து வீக்கமாக வெளிப்பட அவ்வளவு நாள் பிடிக்கும். சிலருக்கு 12 நாளில் வரலாம், சிலருக்கு 25 வரை போகலாம். அந்த நாட்களில் வகுப்பிலோ விசேஷ வீட்டிலோ கன்னம் வீங்கிய பிள்ளை இருந்ததா என்று மருத்துவர் கேட்பது வெறும் விசாரிப்பு அல்ல. நோயை அடையாளம் காண்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் யாரும் நினைவுக்கு வராமலும் போகலாம். இந்த வைரஸ் தொற்றியவர்களில் கணிசமானவர்களுக்குக் கன்னம் வீங்குவதே இல்லை. வெறும் சளிக்காய்ச்சல் போல வந்து போகும், பரப்பவும் செய்யும்.

வாய்க்குள்ளும் ஒரு சாட்சி இருக்கிறது. பரோட்டிட்டின் குழாய் கன்னத்துச் சதையைத் துளைத்துக்கொண்டு, மேல்வரிசையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு நேரே திறக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் என்ற இளம் மாணவர் 1660-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்தபோது கண்டுபிடித்த வழி இது. இன்றும் அவர் பெயரில்தான் ஸ்டென்சன் குழாய் என்கிறோம். கன்னத்தை ஸ்பூனால் ஒதுக்கி டார்ச் அடித்தால் அந்தச் சின்னப் புள்ளி தெரியும். பொன்னுக்கு வீங்கியில் அது சிவந்து தடித்திருக்கும். சுரப்பியை வெளியிலிருந்து மெல்ல அழுத்தினால் தெளிந்த உமிழ்நீர் வரும். சீழ் வந்தால் இது வேறு நோய்: பாக்டீரியாவால் வந்த அழற்சி. அதில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்கும், மேல்தோல் சிவந்து கொதிக்கும், அதற்கு ஆன்டிபயாட்டிக் கட்டாயம் வேண்டும். பொன்னுக்கு வீங்கிக்கு அது தேவையில்லை. வைரஸை அது ஒன்றும் செய்யாது.

சீழ் பிடிக்காத வீக்கம் என்ற இந்தக் கவனிப்பு மிகப் பழையது. கிரேக்கத்தின் தாசோஸ் தீவில் பரவிய ஒரு நோயைப் பற்றி ஹிப்போகிரட்டஸின் பெயரில் வழங்கும் ஏடுகளில் ஒரு பதிவு உண்டு. காதருகே சிலருக்கு ஒரு பக்கமும் பலருக்கு இரு பக்கமும் வீங்கியது, பலர் படுக்கையில்கூட விழவில்லை, எவருக்கும் சீழ் கட்டாமல் வற்றியது, இளைஞர்கள் சிலருக்கு விரை வலியோடு வீங்கியது என்று அந்த மருத்துவர் எழுதியிருக்கிறார். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு, வைரஸ் என்ற எண்ணமே இல்லாத காலத்தில், கண்ணையும் கையையும் மட்டும் நம்பி எழுதிய குறிப்பு. இன்று ஒரு மருத்துவ மாணவர் அதைப் படித்தாலும் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்பு.

என்றாலும் கண்ணும் கையும் ஏமாறும் இடங்கள் உண்டு. பரோட்டிட் வீங்கியது என்று சொல்லலாம். அதை வீங்க வைத்தது எது என்பதை வீக்கத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இன்ஃபுளுயன்சா உட்பட வேறு சில வைரஸ்களும் எப்போதாவது இதே வேலையைச் செய்யும். “எம் பையனுக்கு நாலு தடவை பொன்னுக்கு வீங்கி வந்துடுச்சு டாக்டர்” என்று ஒரு தாய் சொன்னால் அவன் சுரப்பியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரு தடவை வந்தால் மறுபடி வருவது அரிது என்பதால், அது சில பிள்ளைகளுக்கு அடிக்கடி வந்து போகும் வேறு வகைப் பரோட்டிட் அழற்சியாக இருக்கலாம். சாப்பிடும் நேரமெல்லாம் வீங்கி, பிறகு வற்றினால் குழாயில் கல் இருக்கக்கூடும். தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு வீங்கினாலும் சந்தேகம் எழும். இப்படிப்பட்ட நேரத்தில்தான் ஆய்வகம் உதவுகிறது. சுரப்பியை அரை நிமிடம் நீவிவிட்டு, ஸ்டென்சன் குழாய் திறக்கும் இடத்தில் பஞ்சுக்குச்சியால் துடைத்து, பி.சி.ஆர். முறையில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடுவார்கள். வீக்கம் கண்ட மூன்று நாளுக்குள் எடுத்தால் அகப்பட வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைப் பார்ப்பதும் உண்டு. தடுப்பூசி போட்டவர்களிடம் அது இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

கழுத்து முழுதும் உப்பி, தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படிந்து, பிள்ளை துவண்டு கிடந்தால் இந்த யோசனையெல்லாம் வேண்டாம். அது தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியாவாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் சிறுமிக்கு வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், மெல்ல வேண்டாத கஞ்சியும் குழைந்த சாதமும். புளிப்பை ஒதுக்கி வைக்கலாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. வீக்கத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்தே, அதாவது ஞாயிறன்றே, அவள் தொற்றைப் பரப்பத் தொடங்கிவிட்டாள். வீக்கம் கண்டபின் ஐந்து நாள் தனியே இருக்க வேண்டும் என்பதால் அந்த ஞாயிறுவரை பள்ளி வேண்டாம். இந்த நாட்களிலும் அதற்குப் பிறகும் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தலைவலி கடுமையாகி, வாந்தியோடு கழுத்து விறைத்தால் மூளையுறை அழற்சி. மேல்வயிறு விடாமல் வலித்தால் கணையம். ஒரு காது திடீரெனக் கேட்காமல் போவது மூன்றாவது. அரிதுதான், ஆனால் திரும்பாமலே போகலாம். சின்னப் பிள்ளைகள் அதைச் சொல்வதும் இல்லை. ஒவ்வொரு காதாகப் போனை வைத்துப் பேசவிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். வீட்டில் வயதுக்கு வந்த அண்ணனோ அப்பாவோ தொற்றி, வாரம் பத்து நாளில் விரை வீங்கி வலித்தால் கூச்சப்படாமல் காட்ட வேண்டும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பாதிக்கும். பிள்ளைப்பேறு அற்றுப்போவது மிக அரிது.

இதைத் தடுக்கும் ஊசியும் ஒரு வீங்கிய கன்னத்திலிருந்துதான் வந்தது. 1963 மார்ச்சில் அமெரிக்காவில் ஓர் ஐந்து வயதுச் சிறுமி நள்ளிரவில் தாடை வீங்கி அப்பாவை எழுப்பினாள். அப்பா மாரிஸ் ஹில்மன், தடுப்பூசி ஆய்வாளர். பொன்னுக்கு வீங்கி என்று கண்டுகொண்டவர், தன் ஆய்வகத்துக்குக் காரில் போய்ச் சாமான்களை எடுத்துவந்து, அவள் தொண்டையைத் துடைத்து மாதிரி எடுத்தார். அந்த வைரஸைக் கோழிக் கருவில் வளர்த்து வலுவிழக்கச் செய்து, 1967-இல் தடுப்பூசிக்கு அனுமதி பெற்றார். அவள் பெயரான ஜெரில் லின் என்பதே அந்த வைரஸ் வகையின் பெயராகிவிட்டது.

நம் ஊர்ப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது இதில் ஒன்று உண்டு. 2017-இல் அரசுத் திட்டத்துக்கு வந்த எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டுமே. பொன்னுக்கு வீங்கிக்கு அது பாதுகாப்புத் தராது. அதற்கு எம்.எம்.ஆர். வேண்டும். கூகைக்கட்டு என்று இதைச் சொல்லும் இலங்கையில் 2011 முதலே எம்.எம்.ஆர். அரசுத் திட்டத்தில் இருக்கிறது. இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் அதை 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயது என மூன்று தவணையாகப் பரிந்துரைக்கிறது. பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் எந்த ஊசி எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, எம்.ஆர். மட்டும்தான் என்றால் விட்டுப்போனதை எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.